கெடு கேட்டு எழுதிய மூன்றாவது கடிதம்

கிருஷ்ணகிரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு ஆண்டுகள் டேலி பதிவும் ஜி.எஸ்.டி. தாக்கலும் செய்துகொண்டிருந்த நான், தரவுப் பகுப்பாய்வு வேலைக்கு மாற வேண்டும் என்று முடிவுசெய்து விண்ணப்பிக்கத் தொடங்கியபோது, நேர்காணலை விட என்னை அதிகம் தடுமாறச் செய்தது வீட்டிலிருந்து செய்து அனுப்பச் சொல்லும் அசைன்மென்ட்தான். அதைச் செய்வதில் எனக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. அசைன்மென்ட் வந்த மின்னஞ்சலுக்கு முதல் பதிலை எப்படி எழுதுவது என்பதில்தான் இரண்டு முறை தவறினேன். மூன்றாவது முறை எழுதிய பதிலைப் பற்றியே இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன். முந்தைய இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மூன்றாவது கடிதத்தின் ஒவ்வொரு வரியும் அவற்றிலிருந்து வந்ததுதான்.

முதல் முறை, ஓசூரில் இருந்த ஒரு நிறுவனம் ஒரு எக்செல் கோப்பை அனுப்பி, அதை ஆராய்ந்து அறிக்கை தரும்படி கேட்டது. உடனே பதில் எழுதினால் ஆர்வமுள்ளவள் என்று நினைப்பார்கள் என்ற எண்ணத்தில், மின்னஞ்சல் வந்த இருபதாவது நிமிடம் ஒன்பது கேள்விகளை எழுதி அனுப்பினேன். எந்த மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும், எத்தனை பக்கம் இருக்க வேண்டும், இந்த நெடுவரிசைக்கு என்ன பொருள் என்றெல்லாம் கேட்டிருந்தேன். அதற்கு ஒரே வரியில் பதில் வந்தது: “விவரங்கள் கோப்பின் இரண்டாவது தாளில் உள்ளன.” என் ஒன்பது கேள்விகளில் மூன்றுக்கு அந்தத் தாளிலேயே விடை இருந்தது, நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை. மீதி ஆறும் நியாயமான கேள்விகளாகவே இருந்திருக்கலாம், ஆனால் அந்த மூன்றோடு சேர்ந்ததால் அவையும் மதிப்பிழந்துவிட்டன.

அந்த வெட்கத்தில், இரண்டாவது நிறுவனத்திடம் எதையுமே கேட்கவில்லை. “கண்டிப்பாகச் செய்து அனுப்புகிறேன்” என்று மட்டும் எழுதிவிட்டு, நான்கு இரவுகள் கண்விழித்து, அடுத்த ஆறு மாத விற்பனை எவ்வளவு இருக்கும் என்று முன்கணிப்பு வரை செய்து அனுப்பினேன். அவர்கள் எதிர்பார்த்திருந்தது, கடந்த ஆண்டில் எந்தக் கிளையில் வசூல் தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஒரு பக்கம். அது என் கோப்பில் பதினோராவது பக்கத்தில் ஒரு சிறிய அட்டவணையாக இருந்தது. யாரும் அதுவரை வாசித்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது அசைன்மென்ட் ஒரு நவம்பர் 17, வெள்ளிக்கிழமை மாலை 6.40க்கு வந்தது. பெங்களூருவில் உள்ள அந்த நிறுவனம், பழக்கூழ் ஆலைகளுக்கான கொள்முதல் மென்பொருளைச் செய்கிறது. மின்னஞ்சல் எச்.ஆர். பிரிவிலிருந்து வந்திருந்தது. அதன் சாரம் இரண்டே வரிகள்: இணைத்துள்ள கொள்முதல் தரவை ஆராய்ந்து, செலவைக் குறைக்க உதவும் கருத்துகளையும் ஒரு டாஷ்போர்டையும் மூன்று நாட்களுக்குள் அனுப்பவும்.

இந்த இரண்டு வரிகளில் மங்கலாக இருந்தவை பல. ‘கருத்துகள்’ என்றால் நடந்ததை விளக்குவதா, வரப்போவதைக் கணிப்பதா? டாஷ்போர்டை யார் பார்க்கப்போகிறார்கள்? மூன்று நாள் என்றால் சனி ஞாயிறும் சேர்த்தா? சேர்த்துக் கணக்கிட்டால் கெடு நவம்பர் 20, திங்கட்கிழமை மாலையில் முடிகிறது. மாதந்தோறும் தாக்கல் செய்யும் வணிகர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-3பி படிவத்தின் கடைசி நாள் 20ஆம் தேதி என்பது, எங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்றைக்கு இரவு ஒன்பது மணிக்கு முன் நான் வீடு திரும்பியதாக நினைவே இல்லை.

பேருந்தில் காவேரிப்பட்டணம் திரும்பும்போதே கைபேசியில் பதில் எழுத விரல் துடித்தது. ஆனால் முதல் முறை பட்ட பாடு நினைவிருந்ததால், கோப்பைப் பார்க்காமல் ஒரு சொல்லும் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அன்றிரவே பதில் போய்விட வேண்டும் என்பதிலும் உறுதியாக இருந்தேன், ஏனெனில் மூன்று நாள் கெடுவில் ஒரு நாள் கழித்து வரும் கேள்வி, வேலையைத் தொடங்கவே இல்லை என்று சொல்வதற்குச் சமம். எனவே எட்டு மணி முதல் ஒன்றரை மணி நேரம் கோப்புக்கு, அரை மணி நேரம் கடிதத்துக்கு என்று பிரித்துக்கொண்டேன்.

கோப்பில் 2,140 எடைச் சீட்டுகள் இருந்தன. மூன்று கொள்முதல் மையங்கள், ஒரே பருவம், பெரும்பாலும் பெங்களூரா மாங்காய் லோடுகள். ஒவ்வொரு சீட்டிலும் தேதி, மையம், ஊர், லாரியின் மொத்த எடை, வெற்று லாரியின் எடை, நிகர எடை, கிலோ விலை, கொடுத்த தொகை ஆகியவை இருந்தன. இரண்டாவது தாள் எதுவும் இல்லை. அதை முதலில் பார்த்துக்கொண்டேன்.

தோன்றிய சந்தேகங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். பதினொன்று வந்தன. பிறகு ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்டேன். இதற்கான விடை கோப்பிலேயே இருக்கிறதா? இல்லையென்றால், விடை எப்படி வந்தாலும் நான் செய்யும் வேலை மாறுமா?

தேதி நெடுவரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 05/06 என்று இருந்தால் அது ஜூன் 5 ஆகவும் இருக்கலாம், மே 6 ஆகவும் இருக்கலாம். வேறு சரக்காக இருந்தால் பருவத்தை வைத்து ஒன்றைத் தள்ளிவிடலாம், மாங்காய்க்கோ இரண்டு மாதமுமே பருவம்தான். முதல் முறையாக இருந்திருந்தால் இதைத்தான் முதல் கேள்வியாக எழுதியிருப்பேன். இந்த முறை அதே நெடுவரிசையில் தேடியபோது, 28/05, 17/06 போன்ற தேதிகள் கிடைத்தன. இருபத்தெட்டாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், நாள்தான் முன்னால் வருகிறது என்று தெளிவாகிவிட்டது. மையத்துக்கு மையம் வழக்கம் வேறாக இருக்கலாம் என்பதால் மூன்று மையங்களின் சீட்டுகளையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டேன். ஐந்து நிமிட வேலை. அந்தக் கேள்வியை அடித்துவிட்டேன்.

எந்த மென்பொருள் என்ற கேள்வி வேறு வகையானது. அதற்குக் கோப்பில் விடை இல்லை. ஆனால் எக்செல் என்று சொன்னாலும் வேறு எது என்று சொன்னாலும் என் முடிவுகள் மாறப்போவதில்லை. கையில் நன்றாக வரும் ஒன்றில் செய்துவிட்டு அதைச் சொல்லிவிடலாம். விலை எழுதப்படாத 17 சீட்டுகளை என்ன செய்வது என்பதும் அப்படித்தான். தொகையை எடையால் வகுத்தால் விலை வந்துவிடுகிறது. இப்படி அடித்துக்கொண்டே வந்ததில் பதினொன்று மூன்றாகச் சுருங்கியது. அந்த மூன்றும் விடை மாறினால் வேலையே மாறிவிடும் வகையைச் சேர்ந்தவை.

அவற்றில் முதலாவதை நான் கண்டது, வழக்கமாகச் செய்யும் ஒரு சரிபார்ப்பில். மொத்த எடையிலிருந்து வெற்று லாரியின் எடையைக் கழித்தால் நிகர எடை வர வேண்டும்.

```python
d = df["gross_wt"] - df["tare_wt"] - df["net_wt"]
print((d > 0).sum(), (d < 0).sum())
```

விடை 312, 14 என்று வந்தது. 14 சீட்டுகளில் நிகர எடை இருக்க வேண்டியதை விட அதிகமாக இருந்தது. அது பதிவுப் பிழையாகத்தான் இருக்க முடியும். 312 சீட்டுகளில் குறைவாக இருந்தது என்பதுதான் யோசிக்க வைத்தது. பிழை என்றால் வேறுபாடு தாறுமாறாக இருக்கும். இங்கே பெரும்பாலானவை 2 முதல் 6 விழுக்காட்டுக்குள் அடங்கின, அதுவும் ஒரே மையத்தில் குவிந்திருந்தன.

என் தாய்மாமா பல ஆண்டுகளாக மாங்காய் மண்டியில் இருப்பவர். நிறுவனத்தின் பெயரையோ கோப்பையோ அவரிடம் காட்டுவது முறையல்ல என்பதால், பொதுவாக மட்டும் தொலைபேசியில் கேட்டேன்.

“மாமா, ஃபேக்டரிக்கு லோடு போனா, எடை மேடையில வந்த எடைக்கு அப்படியே காசு குடுப்பாங்களா?”

“எங்க பாப்பா குடுக்கறாங்க? அடிபட்டது, ஒடஞ்சது, அழுகலுன்னு கழிவு புடிச்சுக்கிட்டுத்தான் குடுப்பாங்க. மழையில நனைஞ்சு வந்த லோடுன்னா இன்னும் கூடப் புடிப்பாங்க. ஏன், மறுபடியும் மண்டிக்கு வர்றியா?”

வரவில்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்த இரண்டு நிமிடம் என் கேள்வியின் வடிவத்தையே மாற்றியது. “நிகர எடை ஏன் பொருந்தவில்லை?” என்று கேட்க இருந்தவள், “இந்த 312 சீட்டுகளில் உள்ள குறைவைக் கழிவுப் பிடித்தம் என்று கொள்கிறேன், சரிதானா?” என்று கேட்கும் நிலைக்கு வந்தேன். முதல் வடிவத்தை வாசிப்பவர் எனக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும். இரண்டாவதற்கு ‘சரி’ என்ற ஒரு சொல் போதும். தயாராக இல்லாதவளாகத் தெரிவதும் தயாராக இருப்பவளாகத் தெரிவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது என்று நினைக்கிறேன். கேள்வி கேட்பதால் யாரும் குறைவாக நினைப்பதில்லை; கேள்வியோடு என் ஊகம் இல்லாதபோதுதான் அது வெறுங்கையாகத் தெரிகிறது.

எழுத உட்கார்ந்தபோது இன்னொன்றையும் யோசித்தேன். எனக்கு மின்னஞ்சல் அனுப்பியவர் எச்.ஆர். பிரிவைச் சேர்ந்தவர். கழிவுப் பிடித்தம் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் என் கடிதத்தை, ஆள் தேடும் குழுவின் தலைவருக்கு அப்படியே அனுப்பிவைப்பார். எனவே கடிதம், முன்பின் எதுவும் தெரியாத ஒருவர் இரண்டு கூட்டங்களுக்கு நடுவே கைபேசியில் வாசித்து, எண்ணைக் குறிப்பிட்டு “1 சரி, 2 வேண்டாம்” என்று பதில் எழுதக்கூடியதாக இருக்க வேண்டும். நலம் விசாரிப்பதும், இந்த வாய்ப்புக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று எழுதுவதும் அந்த வாசகருக்குத் தடையே. கெடுவைப் பற்றிய பத்தி மட்டும் எச்.ஆர். தானே முடிவுசெய்யக்கூடியது என்பதால், அதைக் கேள்விகளோடு கலக்காமல் தனியாகக் கடைசியில் வைத்தேன்.

நான் ஆங்கிலத்தில் அனுப்பிய கடிதத்தின் தமிழ் வடிவம் இது:

“வணக்கம். அசைன்மென்ட்டும் கோப்பும் கிடைத்தன, நன்றி. கோப்பைத் திறந்து பார்த்து, மூன்று மையங்களின் 2,140 சீட்டுகளையும் ஒரு முறை சரிபார்த்துவிட்டேன். கீழுள்ள மூன்றை உறுதிசெய்துகொள்ள விரும்புகிறேன். பதில் வரும்வரை, ஒவ்வொன்றிலும் நான் குறித்துள்ளபடியே வேலையைத் தொடர்கிறேன்.

1. 312 சீட்டுகளில் net_wt, மொத்த எடைக்கும் வெற்று எடைக்கும் உள்ள வேறுபாட்டை விடக் குறைவாக உள்ளது. பெரும்பாலும் 2 முதல் 6 விழுக்காடு. இதைக் கழிவுப் பிடித்தம் என்று கொண்டு, கொடுத்த தொகையை net_wt ஆல் வகுத்துக் கிலோ செலவைக் கணக்கிடுகிறேன். net_wt அதிகமாக உள்ள 14 சீட்டுகளைப் பிழை என்று கொண்டு தனியே பட்டியலிடுகிறேன்.

2. ‘கருத்துகள்’ என்பதை, இந்தப் பருவத்தில் மையத்துக்கு மையமும் ஊருக்கு ஊரும் செலவு ஏன் வேறுபட்டது என்ற விளக்கமாகக் கொள்கிறேன். ஒரு பருவத்தின் தரவு மட்டுமே இருப்பதால் அடுத்த பருவத்துக்கான விலைக் கணிப்பைச் சேர்க்கவில்லை.

3. வாசிப்பவர் கொள்முதல் மேலாளர் என்று கொண்டு, இரண்டு பக்க அறிக்கையும் எக்செல்லில் ஒரு டாஷ்போர்டும் தயாரிக்கிறேன்.

ஒப்படைக்கும் நாள் குறித்து: நான் இப்போது பணிபுரியும் அலுவலகத்தில் நவம்பர் 20 வரித் தாக்கலின் கடைசி நாள் என்பதால், முழு வேலையையும் நவம்பர் 21, செவ்வாய் இரவு 9 மணிக்குள் அனுப்ப அனுமதி கோருகிறேன். 20ஆம் தேதியே தேவை என்றால், அன்று காலை 9 மணிக்குள் டாஷ்போர்டு இல்லாமல் அறிக்கையை மட்டும் அனுப்ப இயலும். எது தங்களுக்கு ஏற்றது என்று தெரிவித்தால் அதன்படி செய்கிறேன்.”

இதில் நான் அதிக நேரம் தயங்கிய இடங்கள் இரண்டு. ஒன்று, “பதில் வரும்வரை குறித்துள்ளபடியே தொடர்கிறேன்” என்ற வரி. முதலில் “தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்” என்று எழுதியிருந்தேன். வெள்ளி இரவு அனுப்பும் கடிதத்துக்குத் திங்கள் காலை வரை பதில் வராமல் போகலாம். காத்திருக்கிறேன் என்று எழுதிவிட்டால், இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததாக ஆகும். இல்லையென்றால், காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுத் தொடங்கியதாக ஆகும். தொடர்கிறேன் என்று எழுதியதால், பதிலே வராவிட்டாலும் நான் செய்தது அவர்களுக்கு முன்பே தெரிவிக்கப்பட்டதாகிவிடுகிறது.

இரண்டாவது, கெடுவைப் பற்றிய பத்தி. “மூன்று நாட்கள் என்பது வேலை நாட்களா?” என்று கேட்கலாம்தான். ஆனால் அப்படிக் கேட்டால், முடிவெடுக்கும் சுமையை அவரிடம் தள்ளுகிறேன். அவரும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று குறுகிய நாளையே சொல்லிவிடக் கூடும். நானே தேதியும் கிழமையும் மணியும் சொல்லிவிட்டால், அவர் ஒப்புக்கொள்வது எளிது. காரணத்தை ஒரே வரியில் நிறுத்திக்கொண்டேன். வேலைப்பளு, வீட்டுச் சூழல் என்று இரண்டாவது காரணம் சேர்ந்தால் முதல் காரணமும் சாக்காகத் தோன்றத் தொடங்கும். வெறுமனே ஒரு நாள் கூடுதலாகக் கேட்காமல், கூடுதல் நாள் இல்லையென்றால் எதைத் தர முடியும் என்பதையும் சேர்த்துச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. ஆடிட்டர் அலுவலகத்தில் ரசீதுகளைக் கொண்டுவரும் வணிகர்களிடம் தினமும் பார்த்தது அது: “நாளைக்குத் தருகிறேன்” என்பவரை விட, “கொள்முதல் பில் எல்லாம் இருக்கிறது, விற்பனை பில் நாளை காலை” என்பவரைத்தான் நம்பி வேலையைத் தொடங்குவோம்.

அந்தக் காலை 9 மணியையும் சும்மா எழுதவில்லை. திங்கள் மாலை என்னால் முடியாது என்பது எனக்குத் தெரியும். எனவே ‘20ஆம் தேதி’ என்று பொதுவாக எழுதாமல், ஞாயிறு இரவுக்குள் முடித்துக் காலையில் அனுப்பக்கூடிய பகுதி எது என்று கணக்கிட்ட பிறகே எழுதினேன். அறிக்கைக்கு எட்டு மணி நேரம், டாஷ்போர்டுக்கு ஐந்து மணி நேரம் என்பது என் கணக்கு. சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. ஆகவே சனி மாலையும் ஞாயிறும் அறிக்கைக்குத் தாராளமாகப் போதும், டாஷ்போர்டுக்குப் போதாது. நிறைவேற்ற முடியாத மாற்று வழியைக் கடிதத்தில் எழுதிவிட்டு, அவர்கள் அதையே தேர்ந்தெடுத்துவிட்டால் பெரிய சிக்கல் வரும்.

சனிக்கிழமை மதியம் பதில் வந்தது. நான் எதிர்பார்த்தபடியே, மேலே எச்.ஆர். எழுதிய இரண்டு வரிகளும், கீழே குழுத் தலைவர் எழுதிய மூன்று வரிகளும் இருந்தன. கழிவுப் பிடித்தம் என்பது சரி, கணிப்பு வேண்டாம், செவ்வாய் இரவு போதும். மூன்றாவது கேள்விக்கு, அதாவது வாசிப்பவர் யார் என்பதற்கு, பதிலே இல்லை.

பதிலில்லாத கேள்வியைத் திரும்பக் கேட்கலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று முடிவுசெய்தேன். ஊகத்தை முன்பே சொல்லியாகிவிட்டது, அவர்கள் மறுக்கவில்லை. நன்றி தெரிவித்து, “1, 2 தாங்கள் உறுதிசெய்தபடியும், 3 நான் குறித்தபடியும் செய்து, நவம்பர் 21 இரவு 9 மணிக்குள் அனுப்புகிறேன்” என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அறிக்கையின் முதல் பக்கத்தின் தொடக்கத்திலும் இதே மூன்று ஊகங்களையும் மூன்று வரிகளில் வைத்தேன். அறிக்கையை மதிப்பிடுபவர் என் மின்னஞ்சலைப் பார்த்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை அல்லவா?

செவ்வாய் இரவு 7.50க்கு அனுப்பினேன். கழிவைக் கணக்கில் எடுத்தபோது தெரிந்ததுதான் அறிக்கையின் மையமாக அமைந்தது: கிலோ விலை குறைவாகத் தெரிந்த மையத்தில்தான் கழிவுப் பிடித்தமும் அதிகம். பிடித்தம் போக விவசாயிக்குக் கிடைத்ததைப் பார்த்தால், மற்ற மையங்களுக்கும் அதற்கும் இருந்த இடைவெளி அவர்கள் நினைத்ததை விட அதிகம். பருவத்தின் பிற்பகுதியில் அந்த மையத்துக்கு வந்த லோடுகள் குறைந்துகொண்டே போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எழுதினேன். நிகர எடையைப் பிழை என்று நினைத்து நானே ‘திருத்தி’ இருந்தால் இந்த முடிவு மறைந்தே போயிருக்கும்.

நேர்காணலில் குழுத் தலைவர் அந்த 312 சீட்டுகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. 14 சீட்டுகளைப் பற்றித்தான் கேட்டார். பிழை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றார். உறுதியாகச் சொல்ல முடியாது, வெற்று எடை தவறாகப் பதிவாகியிருக்கலாம், அதனால்தான் நீக்காமல் தனியே பட்டியலிட்டேன் என்றேன். கடிதத்தில் ‘தனியே பட்டியலிடுகிறேன்’ என்று எழுதியது அப்போது கைகொடுத்தது. ‘நீக்குகிறேன்’ என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருந்திருக்காது.

இந்த முறை எல்லா இடத்திலும் செல்லும் என்று சொல்ல மாட்டேன். இணைப்பைத் திறந்தவுடன் கடிகாரம் ஓடத் தொடங்கும் தேர்வுகளில் கடிதத்துக்கு இடமே இல்லை. அங்கே ஊகங்களை விடையின் முதல் வரிகளில் எழுதுவதோடு சரி. சில நிறுவனங்கள், தெளிவில்லாத இடங்களில் நீங்களே முடிவெடுங்கள் என்று வெளிப்படையாக எழுதியிருக்கும். அப்படி எழுதியிருக்கும்போது வேலையின் எல்லை பற்றிக் கேட்பது, கொடுத்த அறிவுறுத்தலை வாசிக்கவில்லை என்று காட்டிவிடும். கெடுவைப் பற்றி மட்டும் கேட்கலாம். வேறொரு நிறுவனத்தின் அசைன்மென்ட் குறைந்தது முப்பது மணி நேர வேலையாக இருந்தது. எத்தனை மணி நேரத்தில் முடிக்க எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டு, ஆறு மணி நேரத்தில் எந்தப் பகுதியைச் செய்ய முடியும் என்பதையும் குறிப்பிட்டு எழுதினேன். முழுவதும் வேண்டும் என்று பதில் வந்ததால், நன்றி சொல்லி விலகிக்கொண்டேன். அதில் இன்றும் எனக்கு வருத்தமில்லை.

பெங்களூரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஓராண்டு கழித்து, அதே அசைன்மென்ட்டை அடுத்தவர்களுக்கு அனுப்பும் பொறுப்பும் வரும் பதில்களைப் படிக்கும் பொறுப்பும் எனக்கு வந்தன. அந்த இரண்டு வரி அறிவிப்பு ஏன் அவ்வளவு மங்கலாக இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது: அதில் பாதி, யாரோ ஒருவர் அவசரத்தில் எழுதியது. “மூன்று நாட்கள்” என்பதை யாரும் யோசித்து எழுதவில்லை. விண்ணப்பிப்பவர்களில் பலர் இன்றும் முதலில் கேட்பது எந்த மென்பொருள் என்பதைத்தான். கோப்பைத் திறக்காமல் எழுதிய பதில்களை இரண்டாவது வரிக்குள் கண்டுகொள்ள முடிகிறது. அவற்றில் ஓர் எண்கூட இருப்பதில்லை.

அறிவிப்பைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். ‘மூன்று நாட்களுக்குள்’ என்பதை எடுத்துவிட்டுத் தேதி, கிழமை, மணி மூன்றையும் எழுதினேன். கணிப்பு தேவையில்லை என்றும், வாசிப்பவர் கொள்முதல் மேலாளர் என்றும் சேர்த்தேன். கழிவுப் பிடித்தத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதிக் குழுத் தலைவரிடம் காட்டினேன். அவர் மற்றவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துத் திருப்பிக் கொடுத்தார்.